பாட்டியின் குத்துவிளக்கும் ஒரு படமும்: கேள்வி பதில்

கேள்வி: படம் போட்டிருக்கிறேன். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு. புளி போட்டு இரண்டு முறை தேய்த்தும் கறுப்பு போகவில்லை.

பதில்: படத்தில் தண்டு வெறும் பழுப்புதான். கறுப்பெல்லாம் அகலிலும் திரி வைக்கும் முகங்களிலும் இருக்கிறது. அது எரிந்த எண்ணெய்ப் பிசுக்கு. புளி உலோகக் கறையைத்தான் கரைக்கும், எண்ணெயை ஒன்றும் செய்யாது.

மறை கழற்றி விளக்கைப் பிரியுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள், முகத்தின் இடுக்குக்கு மூங்கில் குச்சி. கம்பி நார் வேண்டாம், அது போடும் கீறல் போகாது. பிசுக்கு போனதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, பரவினால் போய்விட்டது.

அப்புறம்தான் புளி. எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, அரை ஸ்பூன் உப்பு சேர்த்து, ஒவ்வொரு பாகமாகத் தடவுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி தடவலாம். கழுவியதும் துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

இன்னொருவர் கேள்வி: எதற்கு இத்தனை வேலை? எலுமிச்சையும் உப்பும் போதும். நான் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், பளிச்சென்று வந்தது. அங்கங்கே ரோஸ் நிறம், அவ்வளவுதான்.

பதில்: பொருள் சரி, நேரம்தான் தப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரியும். அதுதான் அந்த ரோஸ். கடையில் விற்கும் பித்தளை பாலிஷை ஒரு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். மேலாக இருந்தால் மஞ்சள் திரும்பும். ஆழமாக இறங்கியிருந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது.

கேள்வி: எங்கள் செம்புக் குடத்தில் உள்ளே பச்சையாக இருக்கிறது. அந்த பாலிஷையே போடலாமா?

பதில்: குடிக்கிற குடத்துக்குள் பாலிஷ் வேண்டவே வேண்டாம். பச்சை என்பது களிம்பு, வயிற்றுக்கு ஆகாது. புளியும் உப்பும் போட்டு, முழுவதும் போகும்வரை தேய்த்து அலசுங்கள். அதுவரை அதில் தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: பாத்திரக் கடையில் முப்பது வருடம் இருந்தவன். முதல் படத்தில் அடித்தட்டைப் பாருங்கள், தோல் உரிவதுபோல் இருக்கிறது. அது கறை இல்லை, பளபளப்பு மங்காமல் இருக்க மேலே பூசும் லாக்கர் பூச்சு.

பதில்: ஐயா, நான் அதைக் கவனிக்கவில்லை. லாக்கர் என்றால் புளி விரிசல் வழியே உள்ளே போய்த் திட்டுத் திட்டாகக் கறை படியும். ஆனால் பாட்டி காலத்து விளக்கில் லாக்கர் எப்படி வந்தது?

முதலில் கேட்டவர்: அப்பா பத்து வருடம் முன்னால் கடையில் கொடுத்து பாலிஷ் போட்டார்.

பதில்: அப்படியானால் ஐயா சொன்னதுபோல இருக்கலாம். அடித்தட்டுக்கு மட்டும் புளியை நிறுத்துங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, அடிப்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிசுபிசுத்தால் பெரும்பாலும் லாக்கர்தான். ஃப்ளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் அடித்தட்டை மட்டும் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.