பழைய ஓஎல்இடி டிவியில் செய்திப் பட்டையின் தடம்: போகுமா, போகாதா?

கேள்வி: 55 அங்குல ஓஎல்இடி டிவி ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. திரையின் அடியில் செய்திச் சேனலின் சிவப்புப் பட்டை நிழலாகத் தெரிகிறது. "ஒரு நாள் அணைத்து வைத்தால் போய்விடும்" என்கிறார் விற்பவர். என் ஆபீஸ் எல்சிடி மானிட்டரில் பதிந்திருந்த தடம் அப்படித்தான் போனது. நம்பி வாங்கலாமா?

பதில்: மானிட்டரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். எல்சிடியில் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. திரவப் படிகம் அதை விடவோ தடுக்கவோ மட்டும் செய்கிறது. ஒரே படம் பல மணி நேரம் நின்றால் அந்தத் திரவத்தில் உள்ள மின்னேற்றத் துகள்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும், அதுதான் தடம். அணைத்து வைத்தாலோ அசையும் படம் ஓடவிட்டாலோ அவை பெரும்பாலும் கலைந்துவிடும். அங்கே எதுவும் தேய்வதில்லை.

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, எரிய எரிய மங்குகிறது. சிவப்புப் பட்டை நின்ற இடத்தில் சிவப்புப் புள்ளிகள் மற்ற இடத்தைவிட அதிகம் உழைத்துத் தேய்ந்திருக்கும். தேய்ந்தது திரும்பாது.

ஆனாலும் விற்பவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஓஎல்இடியிலும் தற்காலிகத் தடம் உண்டு. புள்ளிகளை இயக்கும் டிரான்சிஸ்டர்களின் மின் குணம் தொடர்ந்து ஓடும்போது கொஞ்சம் விலகும். சுமார் நான்கு மணி நேரம் பார்த்த பிறகு ரிமோட்டில் அணைத்தால், பல டிவிகள் தாமே சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துகொள்ளும். இதற்கு மின்சாரம் வேண்டும். நம் வீடுகளில் டிவியை நிறுத்தியதும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம், அதனால் அந்த வேலை நடக்காமலே போகும். விற்பவர் வீட்டில் எப்படி என்று கேளுங்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? பென் டிரைவில் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழுச் சாம்பல் நிறப் படங்களை எடுத்துப் போங்கள். சிவப்பில் பட்டை இருண்டும், பச்சையில் சுத்தமாகவும் தெரிந்தால் அது தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய, மெனுவில் Panel Refresh அல்லது Pixel Refresher என்பதை ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போல ஆகும். நடுவில் திரையில் வெள்ளைக் கோடு வந்தால் பயப்பட வேண்டாம், பிளக்கை மட்டும் பிடுங்கக் கூடாது. மறுநாள் அதே சிவப்புப் படத்தைப் போடுங்கள். நிழல் போயிருந்தால் நல்லது. மிச்சமிருந்தால் அது பெரும்பாலும் நிரந்தரம். "இன்னும் நாலு தடவை ஓட்டினால் போகும்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். சோனியே இதை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், பேனலின் ஆயுளைப் பாதிக்கலாம் என்கிறது.

நிரந்தரத் தடம் எல்லாக் காட்சியிலும் உறுத்தாது. பச்சைப் புல்வெளியில் கிரிக்கெட் பார்க்கும்போது கண்ணில் படாத பட்டை, முகங்களிலும் ஆரஞ்சு நிற வானத்திலும் தெரியும். நீங்கள் அதிகம் பார்ப்பது சினிமா என்றால் என் கருத்து, வாங்காதீர்கள். பேனல் மாற்றும் செலவு பழைய டிவியின் விலையையே தொட்டுவிடும். திரைத் தடத்தை வாரண்டியில் சேர்க்காத கம்பெனிகளும் உண்டு, வாரண்டி மிச்சமிருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அட்டையில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.