மறுபடியும் நகையைக் கழற்ற வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. சேலத்திலேயே ஒரு தனியார் கம்பெனியில் வேலை, மாதம் 34,000 ரூபாய் சம்பளம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தால் ஞாயிறு வரை போனில் கிரிக்கெட் பெட்டிங்தான். போன வருஷம் 1,80,000 ரூபாய் கடன் என்று அழுதான். என் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்து அடைத்தேன். நாலே மாதத்தில் திரும்ப ஆரம்பித்துவிட்டான். இப்போது எவ்வளவு கடன் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். பேச உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறான். தறியை விற்றுக் கடனை அடைத்து, ஒரு கல்யாணத்தையும் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன எழுதுவது?
– ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: எழுதுங்கள். ஆனால் பேனாவை எடுக்கும் முன்னால் உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: தறியை விற்பதில்லை. இதில் அம்மா ஒரு பேச்சு, அப்பா ஒரு பேச்சு என்றிருந்தால், கடிதத்தைப் படித்த கையோடு பையன் அப்பாவிடம் போய் நிற்பான்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பையன் விளையாடுகிற கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு டீமும் சமபலம் என்றால் அந்த ஆப்பில் இரண்டுக்கும் எதிரே 1.90 என்று போட்டிருக்கும். 1,000 ரூபாய் கட்டி ஜெயித்தால் 1,900 வரும், லாபம் 900. தோற்றால் போவதோ முழு ஆயிரம். அந்த நூறு ரூபாய் வித்தியாசம்தான் நடத்துகிறவனின் வருமானம்.

முதல் ஆயிரம் போனதும் விட்டதைப் பிடிக்க 2,000 கட்டுவான். அதுவும் போனால் 4,000, பிறகு 8,000. நாலும் போனால் கையை விட்டுப் போனது 15,000. ஐந்தாவதாக 16,000 கட்டி ஜெயித்தே விட்டான் என்று வையுங்கள். லாபம் 14,400. ஜெயித்த பிறகும் 600 ரூபாய் நஷ்டம்! ஐந்தாவதும் போனால் ஒரே ராத்திரியில் 31,000, கிட்டத்தட்ட அவனுடைய ஒரு மாதச் சம்பளம். நாணயம் சுண்டுவது மாதிரி வைத்துக்கொண்டால், இப்படி ஐந்தும் வரிசையாகப் போவது 32 தடவைக்கு ஒரு தடவை நடக்கும். கேட்க அபூர்வமாகத் தெரியும். ஆனால் இப்போதெல்லாம் மேட்ச் முடிகிற வரைக்கும் காத்திருப்பதில்லை. ஓவருக்கு ஓவர் கட்டலாம். ஒரு வார இறுதியில் இரண்டு மூன்று தடவை இப்படித் துரத்தினால், சில மாதத்துக்குள் அந்த ராத்திரி வந்தே தீரும்.

மீதி 31 தடவையில் பெரும்பாலும் ஏதோ கொஞ்சம் கைக்கு வந்திருக்கும், அல்லது போனதில் பெரும்பகுதி திரும்பியிருக்கும். அதுதான் அவன் மனதில் நிற்கிறது. 'பிடித்துவிடுவேன்' என்று அவன் சொல்வது உங்களை ஏமாற்றச் சொல்வதல்ல, நம்பித்தான் சொல்கிறான். போன வருஷம் அந்தக் கெட்ட ராத்திரி வந்தபோது நீங்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அவன் கணக்கில் அதுவும் ஒரு திரும்பி வந்த பணம்தான். போதாக்குறைக்கு, பழைய கடனை மொத்தமாகக் கட்டி முடித்தவனுக்குக் கடன் ஆப்கள் அடுத்த முறை இன்னும் பெரிய தொகையை நீட்டும். நாலே மாதத்தில் ஆரம்பித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

போலீஸ், கேஸ் என்ற மிரட்டல் கடிதத்தில் வேண்டாம். தமிழ்நாட்டின் 2022 சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கும் தண்டனை உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துகிறவர்களைத்தான் குறிவைக்கிறது. மிரட்டினால் பையன் போனை இன்னும் மறைத்துக்கொள்வான், அவ்வளவுதான். ஆனால் அவனுக்கே தெரியாத ஒரு ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து நடத்தும் பெட்டிங் சைட்டுகள் பணத்தைக் கம்பெனிப் பெயரில் வாங்குவதில்லை, யார் யாரோ தனி ஆட்கள் பெயரில் உள்ள கணக்குகளில் வாங்குகின்றன. ஜெயித்த பணமும் அப்படித்தான் வரும். அந்தக் கணக்குகளில் ஆன்லைன் மோசடியில் யாரோ இழந்த பணமும் கலந்திருக்கலாம். பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், பணம் போன வழியில் உள்ள கணக்குகளை எல்லாம் முடக்கச் சொல்லி வங்கிக்கு உத்தரவு வரும். சம்பளக் கணக்கே மாட்டிக்கொண்டு, வேறு மாநிலத்துப் போலீசாரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். உங்கள் பெயர் சேர்ந்த கூட்டுக் கணக்கு ஏதாவது இருந்தால் இந்த வாரமே வங்கிக்குப் போய்ப் பிரித்துவிடுங்கள்.

கடிதத்தை வெள்ளை அல்லது கோடு போட்ட தாளில் உங்கள் கையால் எழுதுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். அந்தப் போனில்தான் பெட்டிங் ஆப்பும் இருக்கிறது. சனி, ஞாயிறு கொடுக்காதீர்கள், சம்பள நாளிலும் கொடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை நல்லது. கோட்டை மாரியம்மன் மேல் சத்தியம், அம்மா தலையில் அடித்துச் சத்தியம் இதெல்லாம் கேட்காதீர்கள். சத்தியம் பண்ணிவிட்டு மறுபடி ஆடுகிறவன், அந்தக் குற்ற உணர்ச்சியில் முன்னைவிட அதிகமாக மறைப்பான்.

இந்த மாதிரி எழுதலாம். சம்பவங்களை நான் உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் போடுங்கள்:

*கண்ணு, பேச உக்காந்தா சண்டையாயிடுது, அதான் எழுதறேன். போன சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு நீ மொட்டை மாடியில போனோட நின்னதைப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட மூவாயிரம் வாங்கியிருக்க. அவன் அம்மாதான் சொன்னாங்க. போன வருஷம் நகையை வெச்சு அடைச்சேன். இனிமே உன் கடனுக்கு நகை வைக்க மாட்டேன், தறியை விக்க மாட்டோம், ஜாமீன் கையெழுத்தும் போட மாட்டோம். அப்பாவும் இதையேதான் சொல்றார். சோறும் இடமும் எப்பவும் போல இருக்கு, அதுல எந்த மாத்தமும் இல்ல. யாருக்கு எவ்வளவு தரணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடு. எவ்வளவா இருந்தாலும் கத்த மாட்டேன். உன் சம்பளத்துல இருந்து எப்படிக் கட்டறதுன்னு கூட உக்காந்து கணக்குப் போடறேன். வியாழக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்ல நான் மட்டும்தான் இருப்பேன். அம்மா.*

இதற்கு மேல் ஒரு வரி கூடச் சேர்க்க வேண்டாம். வளர்த்த கதை, பட்ட கஷ்டம், ஊர் என்ன பேசும் என்பதெல்லாம் உள்ளே வந்தால் அவன் படிக்கப்போவது அதை மட்டும்தான். கடன் பட்டியல் கண்ணில் படாது.

தாளைக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பதுதான் முழுக் கடன் என்று நம்பிவிடாதீர்கள். முதல் பட்டியலில் பாதிதான் வரும், அது வெட்கத்தால். சிபில் போன்ற நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவன் போனிலேயே அவன் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். வங்கி, கிரெடிட் கார்டு, ஒழுங்காகப் பதிவான கடன் ஆப் எல்லாம் அதில் வந்துவிடும். கைமாத்தும் மீட்டர் வட்டியும் வராது, அதை அவன் வாய்தான் சொல்ல வேண்டும். பிறகு சம்பளம் வந்த அன்றே தவணைகள் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்து, வங்கி ஆப்பில் யூபிஐ தினசரி வரம்பைக் குறைத்துவிடச் சொல்லுங்கள். அவன் 29 வயது ஆள். போனைப் பிடுங்குவதும் ஏடிஎம் கார்டை ஒளித்து வைப்பதும் நடக்காது. அவன் சம்மதித்துச் செய்தால்தான் நிற்கும். நீங்கள் ஏதாவது உதவத்தான் வேண்டும் என்றால், பணத்தை அவன் கையில் தராமல் கடன்காரர் கணக்கில் நேரே கட்டுங்கள். அடகில் இருக்கும் உங்கள் நகையின் வட்டியையும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேருங்கள். அதை அவன்தான் கட்ட வேண்டும்.

விட முடியாத இந்தச் சூதாட்டப் பழக்கம் மருத்துவத்தில் பெயருள்ள ஒரு நோய், மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகக் கூச்சப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அவன் பேசாவிட்டாலும் நீங்கள் பேசலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். பெரிய தொகை போன ராத்திரியிலோ, கடன்காரர் போன் வந்த பிறகோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், "உயிரை விடணும்னு தோணுதா கண்ணு?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியே விடாமல், அப்போதே 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கோ 14416க்கோ பேசுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கடன் பேச்சு அன்றைக்கு வேண்டாம்.

வியாழக்கிழமை அவன் வராமலே போகலாம். அப்போது இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். எழுதியதில் சொன்னபடி நில்லுங்கள். உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், ஆதார், பான் நகலை வெளியில் வைக்காதீர்கள். ஒரு நாள் ஐயாயிரம் கேட்டு நிற்பான். 'தாள் எங்கே கண்ணு?' என்று மட்டும் கேளுங்கள்.

கல்யாணம் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வருகிற பெண்ணின் நகையும் அடகுக் கடைக்குப் போகும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் இரண்டு பேரும்தான். கடன் முடிந்து, ஒரு வருஷமாவது அவன் ஆடாமல் இருக்கிறான் என்று வங்கிக் கணக்கைப் பார்த்தே தெரிகிற வரைக்கும் ஜாதகத்தை வெளியே கொடுக்காதீர்கள். கேட்கிற சொந்தக்காரர்களிடம் "இப்போதைக்குப் பார்க்கவில்லை" என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.