எட்டு வருட அல்ப்ரசோலத்தை எப்படிக் குறைப்பது?

கேள்வி: டாக்டர், நான் ஒரு சிறிய ஊரில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர். 54 வயது அம்மா ஒருவர் எட்டு வருடமாக அல்ப்ரசோலம் 0.5 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று போடுகிறார். பதற்றத்துக்காக ஆரம்பித்ததாம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் போடாமல் இருந்ததில் கை நடுக்கம், வியர்வை, துளிகூடத் தூக்கமில்லை. பயந்துபோய் 'இதை விட்டுவிட வேண்டும்' என்கிறார். மனநல மருத்துவரிடம் போக மறுக்கிறார். நானே குறைக்கலாமா? எந்தக் கணக்கில்?

பதில்: குறைக்கலாம், டாக்டர். ஆனால் பேனாவை எடுக்கும் முன் அந்த அம்மா வீட்டில் வைத்திருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். நம் ஊரில் பென்சோடயஸெபைன் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். வயிற்று வலிக்கு என்று கொடுக்கும் கேப்சூலில் கிளிடினியத்தோடு 5 மி.கி. குளோர்டயஸெப்பாக்ஸைடு இருக்கும், எஸிடாலோப்ராமோடு குளோனஸெபம் சேர்ந்த மாத்திரை இருக்கும், படபடப்புக்குப் போடும் ப்ராப்ரனலாலோடு அல்ப்ரசோலமே சேர்ந்து வரும். வாங்குபவர் அதை 'கேஸ் மாத்திரை' என்றுதான் சொல்வார். இதைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் ஆரம்ப அளவே தப்பாகிவிடும். நடுவில் அவர் தானாகவே கேப்சூலை நிறுத்திவிட்டால், நீங்கள் குறைக்காத வாரத்தில் நடுக்கம் வந்து நிற்கும், ஏன் என்று உங்களுக்கே புரியாது.

அப்புறம் சிலரை நம் கிளினிக்கில் தொடவே கூடாது. முன்பு வலிப்பு வந்தவர், தினமும் குடிப்பவர், கூடவே ஓபியாய்டு வலி மாத்திரை போடுபவர், கர்ப்பிணி, தற்கொலை எண்ணம் உள்ளவர், ஒரு நாளில் நான்கைந்து மி.கி. அல்ப்ரசோலம் போடுபவர் எல்லோரையும் எப்படியாவது பேசி பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் அம்மாவுக்கு இவை ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

நான் புதிதாகப் பிராக்டிஸ் ஆரம்பித்தபோது செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே அளவு, இதே போன்ற ஒரு பெண்மணி. வாரம் 0.25 மி.கி. குறைத்து நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தேன். 1-லிருந்து 0.75, அப்புறம் 0.5, அதுவரை சுமாராகத்தான் போனது. கடைசி 0.25-ஐ நிறுத்திய மூன்றாம் இரவு அவர் தூங்கவே இல்லை. என்னிடம் வரவும் வெட்கப்பட்டு வேறு டாக்டரிடம் போய், ஆறு மாதம் கழித்து திரும்பி வந்தபோது 1.5 மி.கி.யில் இருந்தார். நான் செய்தது எண்ணில் ஒரே அளவுக் குறைப்பு, ஆனால் மூளைக்கு அது ஒரே அளவு இல்லை. 1-லிருந்து 0.75-க்கு வருவது கால் பங்கு, 0.5-லிருந்து 0.25-க்கு வருவது பாதி, 0.25-லிருந்து பூஜ்யத்துக்கு வருவது முழுதும். மருந்தின் அளவும், மூளையில் அது பிடித்து வைத்திருக்கும் இடமும் நேர்கோட்டில் குறைவதில்லை. மேலே தாராளமாகக் குறைக்கலாம், கீழே வர வர கஞ்சத்தனமாகக் குறைக்க வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் தானே வரும்.

2025-இல் அமெரிக்காவின் அடிமைநோய் மருத்துவச் சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அப்போது போடும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து ஆரம்பிக்கலாம், இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கவனியுங்கள், சதவீதம் அன்றைக்குப் போடும் அளவிலிருந்து. ஆரம்ப அளவிலிருந்து அல்ல.

இங்கேதான் அல்ப்ரசோலம் தொல்லை. 0.25 மாத்திரையை நான்காக உடைத்து ஓரளவு சமாளிக்கலாம், நீடித்து வெளியாகும் மாத்திரையாக இருந்தால் அதுவும் முடியாது. அதோடு இரத்தத்தில் பாதி குறைய பதினொரு மணி நேரம் போலத்தான் ஆகும், அதனால் இரண்டு வேளைக்கு நடுவிலேயே சிலருக்கு பதற்றம் தலைதூக்கும். அதனால் இந்த அம்மாவை நான் டயஸெபத்துக்கு மாற்றுவேன். அதுவும் அதன் வழிப்பொருளும் நாள் கணக்கில் உடலில் தங்குவதால் ஏற்ற இறக்கம் மெதுவாக இருக்கும், 2, 5 மி.கி. மாத்திரைகள் கிடைப்பதால் சின்னச் சின்ன அளவு அமைக்கலாம். எழுபதைத் தாண்டியவர், கல்லீரல் கெட்டவர், மூச்சு வாங்குபவர் என்றால் மாற்ற மாட்டேன். டயஸெபம் சேர்ந்துகொண்டே போய் விழுந்து இடுப்பெலும்பு உடைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பழைய மாத்திரையிலேயே பொடிப்பொடியாகக் குறைப்பதுதான் வழி.

சமமான அளவு எவ்வளவு என்பதில் அட்டவணைகள் ஒத்துப்போவதில்லை. அல்ப்ரசோலம் 0.5 மி.கி.க்கு டயஸெபம் 5 என்று ஒன்று சொல்லும், 10 என்று இன்னொன்று சொல்லும். நான் நடுவில் நிற்பேன், மொத்தம் 15. இரவு வேளையை முதலில் மாற்றுங்கள், தூக்கம் அதிகமானாலும் படுக்கையில்தானே இருப்பார். முதல் வாரம் காலை அல்ப்ரசோலம் 0.5 அப்படியே, இரவு அல்ப்ரசோலம் 0.25-உம் டயஸெபம் 5-உம். இரண்டாம் வாரம் இரவு டயஸெபம் 10 மட்டும். மூன்றாம் வாரம் காலையில் அல்ப்ரசோலம் 0.25-உம் டயஸெபம் 2-உம். நான்காம் வாரம் காலை டயஸெபம் 5, இரவு 10, அல்ப்ரசோலம் முடிந்தது. இந்த ஒரு மாதம் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பகலில் நாக்கு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், காலை வேளையில் குறையுங்கள். மாற்றி முடித்த பிறகு இரண்டு மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் நிறுத்திவையுங்கள், டயஸெபம் உடலில் நிலைக்க அவ்வளவு நாள் ஆகும்.

இப்போது குறைப்பு. காலை வேளையை முதலில் கரைப்போம், தூக்கத்தைக் கடைசி வரை தொட வேண்டாம். காலை 5 என்பது 4, அப்புறம் இரண்டரை, அப்புறம் 1, அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டரை என்பது 5 மாத்திரையில் பாதி, 1 என்பது 2 மாத்திரையில் பாதி. நான்கு படியில் காலை முடிந்து இரவு 10 மட்டும் நிற்கும். அதிலிருந்து ஒவ்வொரு மி.கி.யாக 5 வரை வாருங்கள். 5-க்குக் கீழே படி அரை மி.கி.தான், அதாவது 2 மாத்திரையில் கால் துண்டு. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வெட்டும் டப்பா கிடைக்கும், வாங்கச் சொல்லுங்கள், கத்தியில் வெட்டினால் பாதி தூளாகிப் போகும். எண்ணிப் பார்த்தால் மொத்தம் பத்தொன்பது படி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முதல் மூன்று வாரம், ஆக ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல். அந்த அம்மாவிடம் முதல் நாளே 'ஒரு வருடம்' என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் என்று சொல்லி இழுத்தால் நம்பிக்கை போய்விடும்.

இந்தத் தேதிகள் நம் வசதிக்கு. அடுத்த படிக்குப் போகலாமா என்பதை அவர் உடம்பு சொல்லும். டயஸெபத்தில் குறைத்த விளைவு ஒரு வாரம் தாமதமாகவும் தெரியலாம், அதனால்தான் இரண்டு வாரம் என்பது அடித்தளம். லேசான பதற்றம், இரண்டு மூன்று இரவு தூக்கக் குறைவு என்றால் அதே அளவில் பொறுத்திருங்கள், அடங்கியதும் தொடருங்கள். அன்றாட வேலையே நின்றுபோகிற அளவுக்கு இருந்தால் முந்தைய அளவுக்கு ஒரு படி ஏறி, மாதம் ஒன்று காத்திருந்து, அடுத்த முறை பாதிப் படியாக இறங்குங்கள். 'தேவைப்பட்டால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். பதற்றம் வந்தால் மாத்திரை என்ற பழக்கம்தான் எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

'பழைய நோய் திரும்பிவிட்டது டாக்டர்' என்று ஒரு நாள் வருவார். காதில் இரைச்சல், வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை, உடம்பில் ஊசி குத்துவது போல, தசைத் துடிப்பு என்று முன்பு இல்லாத புதுத் தொந்தரவுகளைச் சொன்னால், அதுவும் குறைத்த சில நாளில் தொடங்கியிருந்தால், அது மருந்து விலகும் அறிகுறி. பல வாரம் கழித்து, பழைய கவலையே பழைய உருவத்தில் மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் அது நோய். முதலாவதற்குக் காத்திருப்பு, இரண்டாவதற்கு நோய்க்கான சிகிச்சை. இந்த அம்மாவுக்கு இன்னும் பதற்ற நோய் இருக்கிறது என்று தோன்றினால் எஸிடாலோப்ராம் போன்ற ஒன்றை முதலில் ஆரம்பித்து, அது பிடித்துக்கொள்ள ஒன்றரை மாதம் விட்டு, பிறகே குறைப்பைத் தொடங்குங்கள். வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, சாகலாம் என்ற பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

நடுவில் நாமே கெடுத்துவிடும் இடங்களும் உண்டு. முட்டிவலிக்கு யாராவது ட்ரமடால் எழுதினால் வலிப்பு வரும் வாசல் தாழ்ந்துவிடும், சிப்ரோஃப்ளாக்ஸசினும் அப்படித்தான். ஒமெப்ரஸோல் இன்னும் நயமானது, அது டயஸெபம் உடைவதைத் தடுத்து இரத்த அளவை ஏற்றிவிடும். நெஞ்செரிச்சல் நின்றுவிட்டதென்று அதை நிறுத்தினால், நீங்கள் தொடாமலே ஒரு படி குறைந்த மாதிரி ஆகிவிடும். அமில மாத்திரை தேவைப்பட்டால் பான்டோப்ரஸோலாக மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் எழுதாதீர்கள், ஒரே கடையில் வாங்கச் சொல்லுங்கள், அந்தக் கடைக்காரரிடம் நீங்களே ஒரு முறை பேசுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அல்ப்ரசோலம் அட்டைகளை மாற்றம் முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள். 2 மி.கி.யில் வந்து சிக்கிக்கொண்டு மூன்று மாதம் நகரவில்லை என்றால் பதறாதீர்கள், அங்கேயே நிற்கட்டும், மழைக்காலமோ பேத்தி பரீட்சையோ முடிந்ததும் மறுபடி பார்க்கலாம். பூஜ்யத்துக்கு வந்த பிறகும் இரண்டாம் வாரம், நான்காம் வாரம், மூன்றாம் மாதம் என்று வரச் சொல்லுங்கள். தூக்கம் ஒழுங்காவதற்குக் கடைசி மாத்திரைக்கு அப்புறமும் சில வாரங்கள் எடுக்கும்.