ராத்திரி முழுக்க வார்மில் கிடக்கும் சோறு எத்தனை யூனிட் தின்னும்?

கேள்வி: நாங்க நானுஓயாவுல இருக்கோம். ராத்திரி ஏழரைக்குச் சோறு ஆனதும் ரைஸ் குக்கரை வார்ம்லயே விட்டுட்டு, விடிய அஞ்சரைக்கு அதுல இருந்துதான் பிள்ளைகளுக்கு ஸ்கூலுக்குச் சாப்பாடு கட்டுறேன். சின்ன லைட்டுதானே எரியுது, கரண்ட் பெரிசா போகாதுன்னு நான் சொல்றேன். போகும்னு மாமி சொல்றாங்க. எடுத்து வச்சு விடிய சூடாக்கினா மிச்சமா? இந்தக் குளிருக்குச் சோறு வெளியில இருந்தாலும் கெடாதுதானே?

பதில்: மாமி சொல்வதுதான் சரி. சோற்றை ஆற்றிப் பிரிட்ஜில் வைத்து விடியச் சூடாக்கினால், வார்மில் போகும் கரண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும்.

நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 1.8 லீட்டர் சாதாரணக் குக்கர் சோறாக்கும்போது 700 வோட் அளவில் இழுக்கும். பட்டன் மேலே எழும்பியதும் கரண்ட் நின்றுவிட்டது போலத் தெரியும், ஆனால் பிளக்கைக் கழற்றும்வரை வார்ம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு 40 வோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை முதல் அஞ்சரை வரை பத்து மணித்தியாலம், ஆக 400 வோட் மணித்தியாலம், அதாவது 0.4 யூனிட். லைட் சின்னதுதான், கரண்டைத் தின்பது அடியிலுள்ள ஹீட்டர்.

மறுபக்கம், பிரிட்ஜில் இருந்து எடுத்த ஒரு கிலோ சோற்றை 5 பாகையில் இருந்து 80 பாகைக்குக் கொண்டுவரச் சோற்றுக்குள் போகவேண்டிய வெப்பம் 0.07 யூனிட்தான். பாத்திரம் சூடாவது, ஆவியாகப் போவது எல்லாம் சேர்த்தால் 0.12 யூனிட் வரும். அதே குக்கர் பத்து நிமிடம் ஓடுவதற்குச் சமம். மைக்ரோவேவிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். பிரிட்ஜ் அந்தச் சோற்றைக் குளிர்விக்க எடுப்பது 0.02 யூனிட்டைத் தாண்டாது.

ஆக ஓர் இரவுக்கு கால் யூனிட்டுக்கு மேல் மிச்சம், மாதத்துக்கு எட்டு யூனிட் அளவில். இது பெரிய தொகையா என்பது உங்கள் பில்லைப் பொறுத்தது. வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு. 65 யூனிட் எரிக்கும் வீடு 57க்கு இறங்கினால், எட்டு யூனிட்டின் விலை மட்டுமல்ல, கணக்கே மாறிவிடும். 110 எரிக்கும் வீட்டில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றையும் பாருங்கள். காலையில் அரைக் கிலோ அரிசியைப் புதிதாகச் சோறாக்கவே 0.25 முதல் 0.3 யூனிட்தான் போகும். பழைய சோற்றை ராத்திரி முழுக்கச் சூடாக வைத்திருப்பது, விடியப் புதுச்சோறு ஆக்குவதை விடச் செலவு!

அதற்காக வார்மே கூடாது என்றில்லை. 0.12 யூனிட்டை 40 வோட்டால் வகுத்தால் மூன்று மணித்தியாலம் வருகிறது. ராத்திரி வேலை முடிந்து வருபவருக்காக இரண்டு மணி நேரம் வார்மில் விட்டால் நட்டமில்லை. மூன்றைத் தாண்டினால் பிளக்கைக் கழற்றுங்கள்.

உங்கள் குக்கரின் சரியான கணக்கை மீற்றரிலேயே பார்க்கலாம். மீற்றர் முகப்பில் 1000 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். 1000 என்றால் சிவப்பு லைட் ஒரு தடவை மினுங்கினால் ஒரு வோட் மணித்தியாலம். பிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குக்கரை மட்டும் வார்மில் விட்டு ஒரு மணித்தியாலம் எண்ணுங்கள். 40 தடவை மினுங்கினால் 40 வோட். 1600 என்று இருந்தால் எண்ணியதை 1.6ஆல் வகுக்க வேண்டும்.

எண்ணும்போதே குக்கரின் வகையும் தெரிந்துவிடும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரே சீராக மினுங்கினால், சூடு எவ்வளவு என்று பார்க்காமல் எப்போதும் ஒரே அளவு கரண்ட் எடுக்கும் வகை. நீண்ட நேரம் ஒன்றுமில்லாமல் திடீரென்று படபடவென மினுங்கி ஓய்ந்தால், சூடு குறையும்போது மட்டும் பெரிய ஹீட்டரைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் வகை.

மலைநாட்டில் இந்த வித்தியாசம் முக்கியம். கொழும்பில் 28 பாகைக் குசினியில் சோற்றை 68 பாகையில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் குக்கர், 40 பாகை வித்தியாசத்தைத் தாங்கினால் போதும். உங்கள் குசினி இரவில் 14 பாகைக்கு இறங்கினால் 54 பாகை வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். கரண்ட் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகப் போகும். சீராக எடுக்கும் வகையில் பில் ஏறாது. ஆனால் அதே 40 வோட்டுக்குச் சோறு 68க்குப் பதில் 54 பாகையில்தான் நிற்கும். அதுதான் ஆபத்து. பரிமாறும்வரை சோறு 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். சமையல் தேர்மாமீற்றர் இருந்தால் விடியச் சோற்றின் நடுவில் குத்திப் பாருங்கள். 60க்குக் கீழே காட்டினால், கரண்ட் கணக்கு எப்படியிருந்தாலும் அந்தக் குக்கரில் இரவு முழுக்க வைக்கக்கூடாது. சூடு நிற்கட்டும் என்று கம்பளியால் சுற்றுவதும் வேண்டாம். ஆவித்துளை அடைபடும், துணி பொசுங்கும்.

குளிருக்குக் கெடாது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இருக்கும், கொதித்தாலும் சாகாது. மூடியோடு பானையில் விட்ட சோறு வெளியில் எவ்வளவு குளிரானாலும் மெதுவாகத்தான் ஆறும். அந்த இளஞ்சூட்டில் அது பெருகும். அது விடும் வாந்தி நஞ்சு விடியச் சூடாக்கினாலும் அழியாது. மணமும் காட்டிக்கொடுக்காது.

அதனால் சாப்பிட்டு முடிந்ததும் மிச்சச் சோற்றை அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். மலைநாட்டுக் குளிர் இங்கேதான் உதவும். அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும். உடனே மூடிய டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள்.

விடியக் கட்டிகளை உதிர்த்துக் குக்கரில் போட்டு, ஒரு கிலோவுக்கு அரைத் தேத்தண்ணிக் கோப்பை தண்ணீர் தெளித்துப் பட்டனை அழுத்துங்கள். தண்ணீர் விடாவிட்டால் பானையின் அடி சீக்கிரம் 100 பாகையைத் தாண்டும், காந்தம் கழன்று பட்டன் எழும்பிவிடும்; அடி காய்ந்திருக்கும், நடுச்சோறு குளிர்ந்தே கிடக்கும். பாதியில் ஒருமுறை கிளறுங்கள். பட்டன் எழும்பியபின் ஐந்து நிமிடம் மூடியே வைத்துத் திறந்தால் நடுவில் இருந்தும் ஆவி வரவேண்டும். வராவிட்டால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துத் திரும்ப அழுத்துங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்பவும் எடுத்து வைக்க வேண்டாம்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில், இரவுக்கு மட்டும் அளந்து ஆக்கிவிட்டு, காலை அரிசியைக் கழுவி நாலே முக்காலுக்குக் குக்கரில் போடுவதுதான் வழி. நானுஓயா உயரத்தில் தண்ணீர் 95 பாகைக்குக் கீழேயே கொதிப்பதால் சோறு வேகக் கொஞ்சம் கூட நேரமெடுக்கும். அதற்கும் சேர்த்தே அந்த முக்கால் மணி நேரம்.