வரைபடத்தைப் பார்த்து வினைவகை சொல்ல ஒரே தாள்

கேள்வி: ஆறாம் படிவ வேதியியலில் வினைவேகவியல் விரிவுரைக் குறிப்பு பக்கம் பக்கமாக இருக்கிறது. வரைபடம் கொடுத்து வினைவகை கேட்டால் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இதை ஒரே தாளில் அடக்க முடியுமா?

முடியும். சுங்கை சிப்புட்டில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும்போது நான் கொடுக்கும் தாள் ஒரு பக்கம்தான். தொகையீட்டு வருவிப்புகள் அதில் ஒன்றுகூட இல்லை. அவை வேறு கேள்விக்கு உரியவை. இங்கே இடத்தைத்தான் அடைக்கும்.

தாளின் முதல் வரி கோட்டின் வடிவத்தைப் பற்றியதாக இருக்கக்கூடாது. “செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது?” என்பதே முதல் வரி. நேர்க்கோட்டைக் கண்டவுடன் “முதல் வகை, சார்” என்று குரல் வரும். செறிவுக்கும் நேரத்துக்கும் வரைந்த கோடு நேராக இறங்கினால் அது பூஜ்ய வகை. வேகத்துக்கும் செறிவுக்கும் வரைந்த கோடு ஆதிப்புள்ளி வழியாக நேராக ஏறினால்தான் முதல் வகை. அதே வரைபடத்தில் பூஜ்ய வகை கிடைமட்டக் கோடாகப் படுத்துக் கிடக்கும். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, செறிவு–நேரப் படம் வளைகோடாக வரும்போதுதான். முதல் வகையும் வளையும், இரண்டாம் வகையும் வளையும். கண்ணால் பிரிக்க முடியாது. ln[A]-ஐ நேரத்துக்கு எதிராக வரைந்து நேர்க்கோடு வந்தால் முதல் வகை, 1/[A] நேர்க்கோடு தந்தால் இரண்டாம் வகை என்பது குறிப்பிலேயே இருக்கும். ஆனால் வரைபடத்தாளை எடுப்பதற்கு முன்பே, சம நேர இடைவெளியில் கழித்துப் பார்க்கச் சொல்வேன். எந்த வரிசையில் வித்தியாசம் மாறாமல் நிற்கிறதோ, அதுவே நேர்க்கோடாக வரும்.

தாளில் நான் வைத்திருக்கும் எடுத்துக்காட்டு நைட்ரஜன் டைஆக்சைடு 300 பாகை செல்சியசில் சிதைவது: 2NO₂ → 2NO + O₂. தொடக்கத்தில் செறிவு 0.0100 M, 100 வினாடியில் 0.00649, 200-இல் 0.00481, 300-இல் 0.00380. செறிவு முதல் நூறு வினாடியில் 0.00351 குறைகிறது, அடுத்த நூறில் 0.00168 மட்டுமே. பூஜ்ய வகை அங்கேயே போய்விட்டது. ln எடுத்தால் குறைவு 0.43, 0.30, 0.24 என்று சுருங்கிக்கொண்டே போகிறது; முதல் வகையும் இல்லை. 1/[A] எடுத்தால் 100, 154, 208, 263. ஏற்றம் 54, 54, 55. இரண்டாம் வகை. 300 வினாடியில் 163 ஏறியிருப்பதால் சாய்வு சுமார் 0.54, வினைவேக மாறிலி அதுவே, அலகு M⁻¹ s⁻¹.

அரைவாழ்வு காலத்தை இதே தரவில் சரிபார்க்கலாம். 0.0100 பாதியாக ஏறக்குறைய 184 வினாடி ஆகிறது. வளைகோட்டில் 0.0076 இருக்கும் இடத்தைத் தேடினால் 58-ஆவது வினாடி, அது 0.0038 ஆவது 300-இல். ஆக 242 வினாடி. செறிவு குறையக் குறைய அரைவாழ்வு நீள்கிறது, அதனால் இரண்டாம் வகை. மாறாமல் இருந்தால் முதல் வகை, சுருங்கினால் பூஜ்ய வகை. வளைகோடு மட்டும் கொடுத்து எண் தராத கேள்விக்கு இதுதான் கைகொடுக்கும்.

சமன்பாட்டில் 2NO₂ என்று இருப்பதைப் பார்த்து “அதனால்தான் இரண்டாம் வகையா, சார்?” என்று ஒருவராவது கேட்பார். இல்லை. 2N₂O₅ → 4NO₂ + O₂ என்பதிலும் அதே 2 இருக்கிறது, அது முதல் வகை. இந்த இரண்டு சமன்பாடுகளையும் தாளில் மேலும் கீழுமாக எழுதிவிடுங்கள், விளக்கம் தேவைப்படாது.

தாளின் அடியில் ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே உள்ள வினையில் முதல் 50 வினாடிக்குள் செறிவு 0.00787-க்குத்தான் இறங்குகிறது. அந்தத் துண்டை மட்டும் வரைந்தால் மூன்று படங்களும் நேர்க்கோடு போலவே தெரியும். அளவீட்டுப் பிழையும் சேர்ந்தால் சுத்தமாகப் பிரிக்க முடியாது. செறிவு பாதிக்கும் கீழே, முடிந்தால் கால் பங்கு வரை இறங்கிய தரவு வேண்டும். சோதனைக்கூடத்தில் பாதியில் நிறுத்திய தரவைக் கொண்டுவந்து எந்த வகை என்று கேட்பவர்களிடம் நான் பதில் சொல்வதில்லை, திருப்பி அனுப்பிவிடுவேன்.

இரண்டு வினைபடு பொருள்கள் உள்ள வினையானால் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். அமிலம் கலந்த நீரில் எஸ்டர் சிதையும்போது நீர் மிக அதிகமாக இருப்பதால் அதன் செறிவு மாறுவதே இல்லை. எஸ்டர் செறிவின் ln கோடு நேராக வரும். அந்தக் கோடு எஸ்டரைப் பொறுத்த வகையை மட்டுமே சொல்கிறது. நீரைப் பொறுத்த வகையை அந்தப் படத்திலிருந்து எடுக்க முடியாது, அமிலத்தைப் பொறுத்ததையும் எடுக்க முடியாது. அமிலத்துக்கு, அதன் செறிவை மாற்றி மீண்டும் அளந்து, சாய்வுகளை ஒப்பிட வேண்டும்.