காய்ச்சலில் படுத்திருக்கும் நண்பருக்கு என்ன எழுதி அனுப்புவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்ணாநகரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் நண்பனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "என்ன வேணும்னாலும் சொல்லுடா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஒண்ணும் வேணாம்" என்கிறான். விட்டுவிடலாமா? (செல்லூர் வாசகர்)

விட்டுவிடாதீர்கள். பசியில்லை என்று அவர் சொல்லவில்லை, யோசிக்கத் தெம்பில்லை என்றுதான் சொல்கிறார். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் வாய்க்கு என்ன பிடிக்கும், யாரை அலைய வைப்பது, எப்போது வரச் சொல்வது என்று மூன்றையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். 102 டிகிரியில் அது பெரிய வேலை. காய்ச்சல் வார்டில் செவிலியராக இருந்த வருஷங்களில் நான் பார்த்தது இது: "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் தலையை ஆட்டி மறுப்பவர், கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தால் பாதி டம்ளராவது குடித்திருப்பார்.

அதனால் முடிவை நீங்களே எடுத்து, மறுக்கிற உரிமையை மட்டும் அவரிடம் விடுங்கள். இப்படி:

"மாப்ள, ராத்திரி ஏழு மணிக்கு நொய்க்கஞ்சியும் பருப்புத் துவையலும் கேட்டுல மாட்டிட்டு, ஒரு மெசேஜ் போட்டுட்டுக் கிளம்பிடுவேன். நீ எந்திரிச்சு வர வேணாம், பதிலும் போட வேணாம். சாப்பாடே வேணாம்னா மட்டும் 'வேணாம்'னு போடு. தூக்குச்சட்டியைக் கழுவாதே, நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தர வேண்டுமே என்ற கவலையிலேயே வேண்டாம் என்பவர்கள் உண்டு.

இதைக் காலை ஒன்பது, பத்து மணிக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் காலையில் சூடு குறைந்திருக்கும், சாயங்காலம் ஏறும். ஏறின நேரத்தில் போனைப் பார்க்கவே கண் கூசும்.

அம்மா ஆட்டுக்கால் சூப் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். கொண்டுபோகலாமா? (திருநகர் வாசகி)

வாய் கசப்பு போய்ப் பசி எடுத்த பிறகு கொடுக்கலாம். குமட்டல் இருக்கும்போது அந்த வாசனையே ஒத்துக்கொள்ளாது. முதல் இரண்டு மூன்று நாளைக்கு நொய்க்கஞ்சி போதும். அரை டம்ளர் அரிசி நொய், வறுத்த பாசிப்பருப்பு இரண்டு ஸ்பூன், ஐந்து டம்ளர் தண்ணீர், கொஞ்சம் சீரகம், உப்பு. குழைய வேகவிட்டு, சூடாகவே பிளாஸ்கில் ஊற்றுங்கள். சாதாரணப் பாத்திரத்தில் வைத்தால் நம்ம ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க விடக் கூடாது. காய்ச்சல் மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கும். அப்போதுதான் கொஞ்சம் இறங்கும் சாப்பாடும். "மாத்திரை எத்தனை மணிக்குப் போடுற?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் அதற்கேற்றபடி கொண்டுபோகலாம்.

இளநீர் நல்லது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பொட்டாசியம் அதிகம்.

தோழி "பக்கத்துல யாராவது இருந்தா தேவலை" என்கிறாள். போனால் எனக்காக எழுந்து உட்கார்ந்து பேசுகிறாள். (ஒத்தக்கடை வாசகி)

கிளம்பும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். "நாலரைக்கு வந்து அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன். நீ படுத்தே இரு, நான் பாட்டுக்குக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருப்பேன்." கையில் ஒரு வேலை இருந்தால் அவளுக்கு உங்களிடம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இருமல், சளி இருந்தால் மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சற்றுத் தள்ளி உட்காருங்கள். அஞ்சு மணிக்குக் கட்டாயம் எழுந்துவிடுங்கள். ஒரு தடவை நேரம் தவறினால் அடுத்த தடவை வரச் சொல்லத் தயங்குவாள்.

இரண்டு நீல டிக். நேற்றிலிருந்து பதில் இல்லை. மறுபடி கேட்டால் தொந்தரவாகுமா? (வில்லாபுரம் வாசகர்)

வீட்டில் ஆள் இருந்தால் காத்திருங்கள். தனியாக இருப்பவர் என்றால் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வரும், மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள். சூடு விட்டதே என்று அவரும் நிம்மதியாக இருப்பார், நீங்களும் இருப்பீர்கள். அந்த நாட்களில் இப்படிக் கேளுங்கள்: "ஆமா, இல்லைனு மட்டும் போடு. வயிறு ரொம்ப வலிக்குதா? வாந்தி நிக்காம வருதா? ஈறுல ரத்தம் வருதா? யூரின் குறைஞ்சிருக்கா?"

இதில் எதற்கு ஆமா என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உடம்பு வலிக்கு நீங்களாக வலி மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

பதிலே வரவில்லையா? போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டு நேரே போய்க் கதவைத் தட்டுங்கள். பேச்சு குழறினாலோ, எழுப்பியும் சரியாக முழிக்காவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.