கால் சக்கரத்துக்கு கனம் எங்க வைக்கணும்?

கேள்வி: பானை வனைய வீட்ல நானே காலால மிதிச்சு சுத்துற ஒரு கால் சக்கரம் செஞ்சேன், கீழ மிதிக்கற வட்டம் பிளைவுட், 75 செ.மீ. அகலம், 10 கிலோ இருக்கும். மிதிக்கறத நிறுத்திட்டு களிமண்ண தொட்டா உடனே நின்னு போகுது. கனமா இருந்தா ரொம்ப நேரம் சுத்தும்ங்கறாங்க, கனமானது சீக்கிரம்தானே நிக்கணும்? எடை வைக்கறதுன்னா எங்க வைக்கணும்?

பதில்: இத ஒரு சின்ன கதையா சொல்றேன், ஏன்னா பட்டறைக்கு புதுசா வர்ற எல்லாரும் இதத்தான் கேப்பாங்க.

ஒரு மாஸ்டர், அவர்கிட்ட புதுசா சேர்ந்த பையன். மாஸ்டர் கால எடுத்துட்டு கிண்ணத்தோட சுவர மேல இழுத்துட்டு இருக்காரு, சக்கரம் பாட்டுக்கு சுத்துது. பையன் குனிஞ்சு கீழ பாத்துட்டு "மாஸ்டர், நீங்க மிதிக்கவே இல்லையே, இப்ப எது தள்ளுது?"ன்னான்.

"எதுவும் தள்ளலடா. சுத்துறத சுத்திட்டே இருக்க வைக்க யாரும் தள்ள வேண்டாம், நிறுத்தறதுக்குத்தான் ஆள் வேணும். இங்க நிறுத்துறது ரெண்டு பேரு, கீழ பேரிங், மேல என் கை. காத்தும் கொஞ்சம், அத விடு."

"அப்போ கனம் எதுக்கு?"

மாஸ்டர் வாயால சொல்லல. ஓரமா உங்களுது மாதிரியே ஒரு பிளைவுட் சக்கரம் கெடந்துச்சு, அதுல எட்டு செங்கல்ல அச்ச ஒட்டி நாலு நாலா ரெண்டு அடுக்கு வச்சு கயித்தால இறுக்கி கட்ட சொன்னாரு. ஒரு கல்லு 3 கிலோன்னு வச்சுக்கங்க, மொத்தம் 34 கிலோ ஆச்சு. பையன் மிதிச்சு வேகம் ஏத்திட்டு கால எடுத்தான், மாஸ்டர் களிமண்ணு வைக்கற மேல் தட்டோட ஓரத்துல ஈர ஸ்பான்ஜ லேசா அழுத்தி புடிச்சாரு, பையன் நிக்கற வரைக்கும் எண்ணுனான். அடுத்து அதே எட்டு கல்லையும் விளிம்புல சுத்தி வச்சு இன்னும் இறுக்கமா கட்டி (விளிம்புல சும்மா வச்சா வேகத்துல கல்லு பறந்து கால்ல விழும், ஜாக்கிரதை) அதே வேகத்துக்கு கொண்டு போனாங்க. இப்ப எண்ணிக்கை ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. எடை அதேதான், ஒரு கிலோ கூட ஏறல.

அதுதான் விஷயம். சக்கரத்தோட வேகத்த மாத்துறது எவ்ளோ கஷ்டம்ங்கறது எடைய மட்டும் பொறுத்தது இல்ல, அந்த எடை அச்சுலேந்து எவ்ளோ தூரத்துல இருக்குங்கறதையும் பொறுத்தது, அதுவும் தூரம் ரெண்டு மடங்கு ஆனா கஷ்டம் நாலு மடங்கு ஆகும். கணக்கு போட்டா, வெறும் பிளைவுட்ட விட கல்ல அச்சுகிட்ட வச்சா ரெண்டு மடங்கு கூட தேறாது, விளிம்புல வச்சா நாலு மடங்குக்கு மேல. உங்க கை அதே அளவு இழுத்து புடிச்சாலும் வேகம் அந்த அளவுக்கு மெதுவாத்தான் குறையும். கோலால சுத்துற நம்ம ஊரு பழைய சக்கரத்துலயும் விளிம்புதான் தடிமனா இருக்கும், ஒரு தடவ வேகம் ஏத்திட்டா கோல வச்சிட்டு பானைய வனைஞ்சிடுவாங்க.

பையன் விடல. "அப்போ சும்மா கெடைக்குதா மாஸ்டர்?"

"ஏத்தும்போது எத்தன மிதி மிதிச்ச, நெனச்சு பாரு."

ரெண்டாவது தடவ ரொம்ப அதிகமா மிதிச்சிருந்தான், தொடை வலிச்சுது. "நீ காலால போட்டு வச்சததான் நான் கையால எடுக்கறேன்"னாரு மாஸ்டர்.

அதனால கனத்துக்கும் ஒரு அளவு இருக்கு. உங்க சக்கரத்துக்கு விளிம்புல 25லேந்து 40 கிலோ போதும்னு நான் சொல்வேன். அதுக்கு மேல போனா ஏத்தவும் நிறுத்தவும் கால் வலி, பேரிங்லயும் சுமை கூடி உரசல் ஏறும். செங்கல்லுன்னா மேலயும் கீழயும் பிளைவுட் போட்டு நடுவுல கல்ல வச்சு போல்ட் போட்டு இறுக்குங்க, கயிறெல்லாம் சோதிச்சு பாக்க மட்டும்தான். எடை ஒரு பக்கம் கூடிட்டா சக்கரம் ஆடும், களிமண்ணு சென்டர் ஆகவே ஆகாது. ஃபிரேம்ல மாட்டறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ட படுக்கையா ரெண்டு ஸ்டாண்ட் மேல வச்சு மெதுவா உருட்டி விடுங்க, ஒவ்வொரு தடவையும் அதே பக்கம் கீழ வந்து நின்னா அந்த பக்கம் கனம் ஜாஸ்தி, எதிர் பக்கம் எடை சேருங்க.

எடை ஏத்தறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, களிமண்ணு இல்லாம வெறும் சக்கரத்த சுத்தி விட்டு பாருங்க. கை வைக்காமலே சட்டுன்னு நின்னா கோளாறு எடைல இல்ல, பேரிங்ல. ஷாஃப்ட் நேரா இருக்கா, பேரிங்ல களிமண்ணு போய் அடைச்சிருக்கான்னு பாருங்க.

அப்புறம் சென்டர் பண்ணும்போது கை பலமா அழுத்தும், அப்ப எவ்ளோ கனமான சக்கரமும் வேகம் எறங்கத்தான் செய்யும், நடுநடுவுல மிதிச்சிட்டே இருங்க. சுவர் இழுக்கும்போதுதான் கால எடுக்கணும், ஏன்னா மிதிச்சா உடம்பு ஆடும், சுவர் கோணிடும்.